எண்பதைத் தாண்டியவர்களின் ரிப்போர்ட்டில் ‘ஸ்டேஜ் 3 சிறுநீரக நோய்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதான பெற்றோரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வருகிற குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே பொருந்தும். நாற்பது வயதுக்காரருக்கு இதே எண் வந்தால் சொல்ல வேண்டியது முற்றிலும் வேறு.

பாட்டிக்கு இஜிஎஃப்ஆர் 49ன்னு வந்திருக்கு. கிட்னி பாதிதான் வேலை செய்யுதுன்னு அர்த்தமா?

இல்லை, அது சதவீதம் இல்லை. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் அளவுக்கு ரத்த நீரை வடிகட்டுகின்றன என்பதன் மதிப்பீடு. ஆரோக்கியமான இளைஞருக்கு இது 100 முதல் 120 வரை இருக்கும். 60க்குக் கீழே போய் மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால் ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்று பெயர் வைக்கிறார்கள். 45 முதல் 59 வரை ஸ்டேஜ் 3ஏ, 30 முதல் 44 வரை 3பி, 15 முதல் 29 வரை ஸ்டேஜ் 4, அதற்கும் கீழே ஸ்டேஜ் 5.

‘மூன்று மாதத்துக்கு மேல்’ என்பதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றியிருந்த வாரத்தில் எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாருக்கும் இந்த நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ரத்தம் எடுத்துதானே பார்த்தாங்க, அதை ஏன் ‘மதிப்பீடு’ன்னு சொல்றீங்க?

லேப்பில் அளந்தது கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை மட்டும்தான். வடிகட்டும் வேகத்தை நேராக அளக்க வேண்டுமென்றால் அயோஹெக்ஸால் போன்ற ஒரு பொருளை நரம்பில் ஏற்றி, அது ரத்தத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது என்று சில மணி நேரம் விட்டுவிட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அன்றாட மருத்துவத்தில் அதை யாரும் செய்வதில்லை. அதற்குப் பதிலாகக் கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுகிறார்கள். 2021இல் திருத்தப்பட்ட சிகேடி-எபி சூத்திரம், கிரியாட்டினின் 0.7க்கு மேல் உள்ள பெண்களுக்கு இப்படி வரும்:

```
eGFR = 142 × (Scr / 0.7)^-1.2 × 0.9938^age × 1.012
```

இதில் Scr என்பது கிரியாட்டினின், age என்பது வயது. அந்த வயது எங்கே வருகிறது என்று பாருங்கள். அடுத்த கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

பத்து வருஷமா கிரியாட்டினின் 1.1லயேதான் நிக்குது. அப்புறம் இஜிஎஃப்ஆர் மட்டும் எப்படிக் குறையுது?

பிறந்தநாள் வந்தாலே குறையும். ஒவ்வொரு வயது கூடும்போதும் சூத்திரம் எண்ணை 0.9938ஆல் பெருக்குகிறது. கிரியாட்டினின் 1.1 உள்ள பெண்ணுக்கு 30 வயதில் 69 வரும், 76இல் 52, 86இல் 49. ரத்தத்தில் எதுவும் மாறாமலே எண் இறங்கிவிடுகிறது.

சூத்திரம் இப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. வயதாக ஆகத் தசை குறைகிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவரின் கிரியாட்டினின் இளைஞருடையதைப் போலவே இருந்தால், அவருடைய சிறுநீரகம் அதை மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது என்று பொருள். ஆனால் 86 வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தசை ஒரே அளவில் குறைவதில்லை. சூத்திரத்துக்குத் தெரிந்தது சராசரி மட்டும்தான்.

வயசானா கிட்னி குறையறது சகஜம்தானே? அதைப் போய் ஏன் நோய்ங்கறாங்க?

குறைவது சகஜம்தான். மேயோ கிளினிக்கில் சிறுநீரக தானம் செய்ய வந்த ஆரோக்கியமானவர்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 18 முதல் 29 வயதுள்ளவர்களின் ஒரு சிறுநீரகத்தில் நல்ல நிலையில் இருந்த வடிகட்டிகள் சுமார் 9,90,000. 70 முதல் 75 வயதுள்ளவர்களிடம் அது சுமார் 5,20,000. இத்தனைக்கும் இவர்கள் எந்த நோயும் இல்லை என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எண்பது தாண்டிய உடலில் எண் 60க்குக் கீழே இருப்பது ஆச்சரியமே இல்லை.

60 என்ற எல்லை 2002இல் அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை வகுத்த வழிகாட்டுதலில் வந்தது. இளைஞரின் அளவில் ஏறக்குறைய பாதி என்ற கணக்கு. எல்லா வயதுக்கும் ஒரே கோடு போட்டதில் லேபுக்கும் டாக்டருக்கும் வேலை எளிதானது. முன்பு கவனிக்காமல் விட்ட நிறைய பேரை நேரத்தோடு கண்டுபிடிக்கவும் முடிந்தது. ஆனால் அதே கோடு, வயதானவர்களில் மிகப் பெரிய பங்கை ஒரே இரவில் நோயாளிகளாக்கிவிட்டது. பெர்லினில் 70 வயதைக் கடந்தவர்களிடம் அயோஹெக்ஸாலை ஏற்றி நேராகவே அளந்தபோதும், 60க்குக் கீழே இருந்தவர்கள் நிறையவே இருந்தார்கள். ஆக, எண் குறைவு என்பது பல சமயம் உண்மைதான். அதற்கு வைக்கிற பெயரில்தான் கேள்வியே.

அப்ப டாக்டர் சொன்னது தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். தவறான நோயறிதல் வேறு, மிகை நோயறிதல் வேறு. முதலாவதில் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறோம். இரண்டாவதில் வரையறைப்படி சொன்னது சரியாகவே இருக்கும். ஆனால் அந்த நிலை அவருக்கு மீதி ஆயுளில் ஒரு தொந்தரவும் தரப்போவதில்லை.

இதை எப்படி நிச்சயமாகச் சொல்வது? பெயர் வைத்த பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துத்தான். அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் இரண்டு லட்சம் பேருக்கும் மேல் தொடர்ந்து கவனித்து 2007இல் எழுதினார்கள். 65 முதல் 84 வயது வரை உள்ளவர்களிடம், எண் ஏறக்குறைய 15க்கு இறங்கிய பிறகுதான் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பு, வேறு காரணத்தால் இறக்கும் வாய்ப்பைவிட அதிகமானது. 85 தாண்டியவர்களிடம் எந்த நிலையிலும் அப்படி ஆகவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துத் தரவுகளை வைத்து 2021இல் இன்னொரு ஆய்வு வந்தது. 65 வயதுக்கு மேல், எண் 45 முதல் 59க்குள், சிறுநீரில் புரதமும் அதிகம் இல்லை என்றால், அவர்களுடைய ஆபத்து 60 முதல் 89 வரை எண் உள்ள அதே வயதுக்காரர்களின் ஆபத்தைப் போலவே இருந்தது.

அப்படின்னா அந்த 60ங்கற கோட்டை ஏன் இன்னும் மாத்தல?

மாற்றச் சொல்லி நல்ல வாதங்கள் வந்திருக்கின்றன. ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் சிலர் 2019இல் வயதுக்கேற்ற எல்லைகளை முன்வைத்தார்கள்: 40 வயதுக்குக் கீழே 75, 40 முதல் 65 வரை 60, அதற்கு மேல் 45. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பு தன் 2024 வழிகாட்டுதலிலும் 60ஐயே வைத்துக்கொண்டது.

அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிரியாட்டினினோடு சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பொருளையும் சேர்த்துக் கணக்கிட்டால், வயதானவர்களிடமும் 45 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு இதயநோய், இறப்பு முதலியவற்றின் ஆபத்து கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. 2023இல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படி வந்தது. அதோடு, ‘நோய் இல்லை’ என்று எழுதிவிட்டால் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டிய இடத்தில் டாக்டர் மறந்துவிடுவார் என்ற பயமும் உண்டு. அந்தப் பயம் வீண் இல்லை. மாத்திரை பற்றிய கேள்வியில் அதைப் பார்க்கலாம்.

ரத்தத்துலயே தெரிஞ்சுடுச்சே, எதுக்கு யூரின் டெஸ்ட்டும் எழுதறாங்க?

என்னைக் கேட்டால் இந்த வயதில் ரத்த எண்ணைவிட அதிகம் சொல்வது அந்த யூரின் டெஸ்ட்தான். காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். 30க்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு, 300க்கு மேல் கடுமையானது. வயதால் வடிகட்டிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தாலும் மிச்சமிருப்பவை நன்றாக இருந்தால் புரதம் பெரிதாகக் கசியாது. கசிகிறது என்றால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வேறு ஏதாவது நோயோ அவற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த டெஸ்ட் இல்லாமல் 49 என்ற எண்ணை மட்டும் வைத்து ‘ஸ்டேஜ் 3’ என்று எழுதிய ரிப்போர்ட்டைக் கண்டால், டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ இருக்கும் நேரத்தில் எடுத்தால் கூட்டிக் காட்டும், அதனால் அது சரியான பிறகு எடுங்கள்.

எங்க பாட்டி ரொம்ப ஒல்லி. அவங்களுக்கும் இந்த எண்ணை நம்பலாமா?

இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது என்று சொன்னேன் இல்லையா? படுத்த படுக்கையாகவோ எலும்பும் தோலுமாகவோ இருப்பவருக்குச் சுரக்கும் கிரியாட்டினினே குறைவு. அதனால் சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் ரத்தத்தில் 0.7 என்று அழகாகக் காட்டும். சூத்திரமும் நல்ல எண்ணைத் தந்துவிடும். காலமெல்லாம் இறைச்சியே சாப்பிடாதவர்களிடமும் கொஞ்சம் இப்படி நடக்கும். ஆக, மிக வயதானவர்களுக்கு எண் ‘வேண்டுமென்றே குறைத்துக் காட்டப்படுகிறது’ என்று நினைக்கக் கூடாது. ஒல்லியானவர்களுக்குப் பெரும்பாலும் அது கூட்டியே காட்டும்.

எண்ணைக் குறைத்துக் காட்டும் சூழல்களும் உண்டு. முந்தின நாள் நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலோ, சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ, வடிகட்டும் வேகம் குறையாமலே கிரியாட்டினின் ஏறலாம். சந்தேகம் பெரிதாக இருந்தால் சிஸ்டாட்டின் சி பார்ப்பார்கள். அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டு கோளாறு, உடம்பில் உள்ள அழற்சி ஆகியவை அதையும் மாற்றிவிடும். கேடிகோ இரண்டையும் சேர்த்த சூத்திரத்தைப் பரிந்துரைப்பது அதனால்தான்.

சரி, ஒரு நல்ல டாக்டர் இதையெல்லாம் எப்படி எடைபோடுவார்? ஒரு ஆளை வைச்சுச் சொல்லுங்க.

86 வயதுப் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். உயரம் 148 செ.மீ., எடை 42 கிலோ, கிரியாட்டினின் 1.1, எண் 49. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக்கை அவ்வப்போது போட்டுக்கொள்கிறார். டாக்டர் முதலில் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்பார். மூன்று வருடம் முன்பு கிரியாட்டினின் 1.0 என்றால் பெரிய சரிவு இல்லை என்று தெரிந்துவிடும். அடுத்து டைக்ளோஃபினாக்கை நிறுத்தச் சொல்வார். அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியது. மூன்று மாதம் கழித்து ரத்தமும் சிறுநீரும் மறுபடி பார்ப்பார். எண் மீண்டும் 49, சிறுநீர் ஆல்புமின் விகிதம் 15, பொட்டாசியமும் ஹீமோகுளோபினும் சரி என்று வருகிறது.

இப்போது அவர் கையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. வயது, பாலினம், இந்த எண், ஆல்புமின் விகிதம் நான்கையும் வைத்து, ஐந்து வருடத்தில் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் வாய்ப்பைச் சொல்வது அது. டாங்ரி என்ற கனடா மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2011இல் உருவாக்கியது. இந்தப் பாட்டிக்கு அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று என்று சொல்கிறது. வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 5ஐத் தாண்டினால்தான் சிறுநீரக நிபுணரிடம் அனுப்புவது வழக்கம். வேறு காரணத்தால் இறக்கும் வாய்ப்பை அது கணக்கில் எடுக்காததால், மிக வயதானவர்களுக்கு உண்மையான வாய்ப்பு அதைவிடவும் குறைவு.

அதே 86 வயதில் எண் 24, ஆல்புமின் விகிதம் 900 என்று வந்திருந்தால்? அதே கணக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 8 என்று சொல்லும். இவருக்கு நிபுணர் கட்டாயம் வேண்டும். முதல் பாட்டிக்கு டாக்டர் எழுத வேண்டியது வலி மாத்திரையைத் தவிர்க்கும்படி ஒரு வரி, வருடம் ஒருமுறை இரண்டு டெஸ்ட்டுகள், அவ்வளவுதான்.

நோய் இல்லைன்னு வச்சுக்கிட்டா மாத்திரை டோஸைப் பத்தியும் கவலைப்பட வேண்டாம்தானே?

இல்லை, இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். நோய் என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்பது ஒரு கேள்வி, மருந்து உடம்பிலிருந்து எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பது இன்னொரு கேள்வி. இயற்கையான முதுமையால் குறைந்ததோ நோயால் குறைந்ததோ, மருந்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

அந்த 42 கிலோ பாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் வரும் 49, 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புள்ள ஒருவருக்குச் சரிசெய்த எண். பாட்டியின் உடல் பரப்பு சுமார் 1.31 மட்டுமே. அவர் உடம்புக்கு மாற்றினால் 37 வரும். மருந்து அளவுக்கு இன்றும் பலர் பயன்படுத்தும் பழைய காக்ராஃப்ட்–கால்ட் கணக்கில் 24தான் வருகிறது. ஒரே ஆள், ஒரே ரத்தம், ஆனால் இவ்வளவு வித்தியாசம். அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், சில ஆன்டிபயாடிக்குகள், மெட்ஃபார்மின் போன்றவற்றை எழுதும்போது டாக்டரிடம் எடையைச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை எண் 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள்.

கீரை, வாழைப்பழம், பருப்பு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்களே?

மிகை நோயறிதலால் கண்கூடாக வரும் கெடுதல் இதுதான், எனக்கு வருத்தம் தருவதும் இதுதான். ‘கிட்னி பேஷன்ட்’ என்ற பெயர் வந்ததும் வீட்டில் பருப்பு, முட்டை, கீரை, பழம் எல்லாம் நின்றுவிடுகிறது. ஏற்கெனவே 42 கிலோ இருப்பவர் இன்னும் இளைத்துப்போகிறார். தசை குறைந்தால் கிரியாட்டினினும் இறங்கும். உடனே ‘பத்தியம் வேலை செய்கிறது’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அவர் கீழே விழும் நாள் நெருங்கிக்கொண்டிருக்கும்.

ரத்தத்தில் பொட்டாசியம் அதிகமாகாத வரை வாழைப்பழத்தையோ இளநீரையோ தடுக்கக் காரணமில்லை. புரதத்தை எடுத்துக்கொண்டால், உடல் நலிந்து தசை தேய்ந்த முதியவர்களுக்குக் கூடுதல் புரதத்தைக் கருதலாம் என்று கேடிகோ வழிகாட்டுதலே சொல்கிறது. உப்பைக் குறைப்பது நல்லதுதான், அதையும் சாப்பாடே பிடிக்காமல் போகிற அளவுக்குச் செய்யாதீர்கள்.

அப்ப எப்போ உண்மையிலேயே பயப்படணும்?

எண் சட்டென்று இறங்கினால். போன மாதம் 50, இந்த மாதம் 32 என்றால் அது முதுமை இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, வலி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். ஆண்களுக்கு என்றால் பிராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இவற்றில் பலவும் உடனே கவனித்தால் சரியாகக்கூடியவை. ஆல்புமின் விகிதம் 300ஐத் தாண்டினாலும், சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும், பொட்டாசியம் ஏறினாலும், எண் 30க்குக் கீழே நிலைத்துவிட்டாலும், ‘வயசுதானே’ என்று விடக் கூடாது. மிகை நோயறிதல் பற்றி மேலே சொன்னதெல்லாம் மெதுவாகக் குறைந்து, 45க்கு மேலேயோ அதை ஒட்டியோ நின்று, புரதம் கசியாமல் இருப்பவர்களுக்குத்தான்.

92 வயசு தாத்தாவுக்கு 13ன்னு வந்திருக்கு. ஸ்டேஜ் 5தானே, டயாலிசிஸ் ஆரம்பிச்சிடணுமா?

எண்ணை மட்டும் வைத்து ஆரம்பிப்பதில்லை. மூச்சுத் திணறல், அடங்காத வாந்தி, மருந்துக்குக் கட்டுப்படாத பொட்டாசியம் போன்றவை இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். 13இல் நிலையாக, நடமாடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு இருப்பவர்களும் உண்டு.

டயாலிசிஸால் என்ன கிடைக்கும் என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் ஆரம்பித்தவர்களைப் பற்றி 2009இல் வந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். முன்பு தாங்களே செய்துகொண்ட வேலைகளை அதே அளவில் தொடர்ந்து செய்ய முடிந்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. அவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள், அதனால் வீட்டில் திடமாக இருக்கும் ஒருவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. டயாலிசிஸ் இல்லாமல், மூச்சுத் திணறல், அரிப்பு, ரத்தசோகை, வீக்கம் இவற்றுக்கு மட்டும் தொடர்ந்து வைத்தியம் பார்ப்பதும் முறையான சிகிச்சைதான். அதைக் கைவிடுதல் என்று நினைக்க வேண்டாம். தாத்தாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரியில் கழிக்க அவருக்குச் சம்மதமா என்று மற்ற எல்லாரிடமும் பேசும் முன் அவரிடமே கேளுங்கள்.